கிராசிம் எந்தத் துறை? ஜவுளியா, சிமென்டா? (ப்ராஜெக்ட், அவசரம்)

கவிதா, கொழிஞ்சாம்பாறை
எல்லாருக்கும் வணக்கம். எம்.காம் ப்ராஜெக்டுக்காக நிஃப்டி கம்பெனிகளைத் துறைவாரியாகப் பிரிக்கிறேன். ஒரு கம்பெனிக்கு ஒரு துறைதான் எழுத முடியும், கட்டம் அவ்வளவுதான். கிராசிமில் மாட்டிக்கொண்டேன். செக்மென்ட் வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டால் விஸ்கோஸ் 58 சதவீதம் வருகிறது, அதனால் ஜவுளி என்று எழுதினேன். கைடு அதை அடித்துவிட்டு "சிமென்ட்" என்று எழுதிக் கொடுத்தார், காரணம் சொல்லவில்லை. நான் பார்த்த பக்கத்தில் சிமென்ட் என்ற செக்மென்டே இல்லை! யார் சொல்வது சரி? திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், ப்ளீஸ்.

செந்தில், வாளையார்
எந்த வருடத்துக் கணக்கும்மா? ஆண்டறிக்கையா, காலாண்டு ரிசல்ட்டா?

ராஜன், மீனாட்சிபுரம்
இதற்கு இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் தங்கச்சி. கம்பெனியின் பதிவு எண்ணான சி.ஐ.என்.-ஐப் பார். கிராசிமுக்கு L17124MP1947PLC000410. L-க்கு அடுத்த ஐந்து இலக்கம் தொழில் குறியீடு. 17 என்றால் ஜவுளி. அரசாங்கப் பதிவிலேயே ஜவுளி என்று இருக்கிறது, நீ எழுதியதுதான் சரி. கைடிடம் இதைக் காட்டு.

மூர்த்தி (கணக்கர்), பாலக்காடு
ஸ்டாண்டலோனா, கன்சாலிடேட்டடா? அதைச் சொல்லாமல் 58 சதவீதம் என்றால் எதில் 58? எம்.காம் படிக்கிறவர்கள் கேள்வி கேட்கும்போதே அடிப்படை விவரத்தைக் கொடுக்கப் பழக வேண்டும். நான் முன்பும் பல பேருக்கு இதையே சொல்லியிருக்கிறேன். ஆண்டறிக்கையில் இரண்டு தொகுதிக் கணக்கு இருக்கும், முதலில் வருவதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறீர்கள்.

ராஜன் சார், சி.ஐ.என். கதையை விடுங்கள். ரிலையன்ஸ் எண் L17110MH1973PLC019786. அதிலும் 17தான். ரிலையன்ஸ் ஜவுளிக் கம்பெனியா?

ராஜன், மீனாட்சிபுரம்
ரிலையன்ஸ் துணியில்தானே தொடங்கியது. பதிவு தப்பில்லையே.

மூர்த்தி (கணக்கர்), பாலக்காடு
தொடங்கியது எது என்று யார் கேட்டார்கள்? இன்றைக்கு எது என்பதுதானே கேள்வி.

ஹரி, கொல்லங்கோடு
கிராசிம் இப்போது வாங்கலாமா? பெயிண்டில் நஷ்டம் என்கிறார்கள், ஆனால் பின்னால் ஏறும் என்று எனக்குத் தோன்றுகிறது.

லதா, புத்தூர் (ஆந்திரா)
கவிதா, நீ பார்த்தது ஸ்டாண்டலோன் கணக்காகத்தான் இருக்கும். 58 என்ற எண் அங்கேதான் வரும். நான் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் ரிசர்ச் பிரிவில் இருந்தவள், இந்தக் கம்பெனியில் புதிதாக வருகிற எல்லாரும் இதே இடத்தில்தான் தடுக்குவார்கள். 2023-24 கணக்கை வைத்துச் சொல்கிறேன், எண்களை முழுமையாக்கித்தான் தருகிறேன்.

ஸ்டாண்டலோனில் மொத்த வருமானம் சுமார் 26 ஆயிரம் கோடி. அதில் விஸ்கோஸ் 15 ஆயிரம் கோடி, ரசாயனம் 8 ஆயிரம் கோடிக்குச் சற்று மேல், மீதி மற்றவை. கிராசிம் தன் பெயரில் நேரடியாக நடத்தும் ஆலைகள் மட்டும்தான் இதில் வரும். சிமென்ட் நடத்துவது அல்ட்ராடெக். அது தனிக் கம்பெனி, கிராசிமின் துணை நிறுவனம். அதனால்தான் உன் பக்கத்தில் சிமென்ட் இல்லை.

துணை நிறுவனங்களையும் சேர்த்துப் போடும் கன்சாலிடேட்டடுக்குப் போ. மொத்தம் 1 லட்சத்து 31 ஆயிரம் கோடி ஆகிவிடும். சிமென்ட் மட்டும் 71 ஆயிரம் கோடிக்குப் பக்கம், அதாவது 54 சதவீதம். நிதிச் சேவை, அதாவது ஆதித்ய பிர்லா கேப்பிடல், 34 ஆயிரம் கோடி சுற்றளவில். உன் விஸ்கோஸ் இங்கே 11, 12 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கைடு இதைப் பார்த்துத்தான் அடித்திருப்பார்.

ஒன்றை மட்டும் கவனி. புதிய அறிக்கைகளில் "சிமென்ட்" என்று தனி வரி தேடினால் கிடைக்காது. பெயிண்டையும் ஆன்லைன் கட்டுமானப் பொருள் விற்பனையையும் சேர்த்து "பில்டிங் மெட்டீரியல்ஸ்" என்று ஒரே செக்மென்டாகக் காட்டுகிறார்கள்.

செந்தில், வாளையார்
லதா அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். அல்ட்ராடெக்கில் கிராசிமுக்கு அந்த ஆண்டு 57 சதவீதம்தானே பங்கு? அப்புறம் எப்படி 71 ஆயிரம் கோடியையும் கிராசிம் வருமானமாக எடுத்துக்கொள்வது? பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்திருக்கிறவன் முழுவதையும் தன் கணக்கில் எழுதினால் சிமென்ட் பெரிதாகத்தானே தெரியும்.

லதா, புத்தூர் (ஆந்திரா)
நல்ல கேள்வி தம்பி. கட்டுப்பாடு கையில் இருந்தால் வருமானத்தை முழுவதும் சேர்க்க வேண்டும் என்பது கணக்கு விதி. மற்ற பங்குதாரர்களுக்கான பங்கை லாபத்துக்குக் கீழே போய்த்தான் பிரிப்பார்கள். ஆகவே வருமானத் தொகையை மட்டும் பார்த்தால் துணை நிறுவனங்கள் ஊதித் தெரியும், நீங்கள் சொல்வது உண்மை.

சரி, பங்கு அளவுக்குக் குறைத்தே பார்ப்போம். சிமென்ட் 71-இல் 57 சதவீதம், ஏறத்தாழ 40. நிதிச் சேவையில் பங்கு 53 சதவீதம் சுற்றளவு, ஆகவே 34 என்பது 18 ஆகும். சொந்த ஆலைகள் முழுவதும் 26. மொத்தம் 84 ஆயிரம் கோடி. சிமென்ட் 48 சதவீதம், விஸ்கோஸ் 18 சதவீதம். பாதியைத் தாண்டவில்லை, ஆனாலும் முதலிடம் மாறவில்லை. இப்படி இரண்டு விதத்திலும் போட்டுப் பார்த்து முதலிடம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் என் வழக்கம். மாறினால்தான் கவலைப்பட வேண்டும்.

மூர்த்தி (கணக்கர்), பாலக்காடு
54 சதவீதமும் போதாது. எம்.எஸ்.சி.ஐ., எஸ் அண்ட் பி துறை பிரிக்கப் பயன்படுத்தும் ஜி.ஐ.சி.எஸ். முறையில் ஒரு தொழில் 60 சதவீத வருமானம் தர வேண்டும். இல்லையென்றால் "டைவர்சிஃபைட்" என்று போட வேண்டியதுதான்.

லதா, புத்தூர் (ஆந்திரா)
முதல் பாதி சரி சார், இரண்டாவது பாதி அப்படி இல்லை. 60 எட்டவில்லை என்றால் நேரே கலப்புக் கம்பெனி என்று தள்ளிவிடுவதில்லை. வருமானம், லாபம் இரண்டிலும் பெரும்பகுதி ஒரே தொழிலிலிருந்து வருகிறதா என்று அடுத்துப் பார்ப்பார்கள். மூன்று, நான்கு துறைகளில் பரவி எதுவுமே பெரும்பகுதி தராதபோதுதான் அந்தக் கடைசிக் கூடை.

லாபத்தைப் பாருங்கள். அதே ஆண்டு வரிக்குப் பிந்திய லாபம் அல்ட்ராடெக் 7,000 கோடி, கேப்பிடல் 3,300 கோடி, கிராசிம் ஸ்டாண்டலோன் ஆயிரம் கோடிக்கும் கீழே. அந்த ஸ்டாண்டலோன் லாபத்திலும் அல்ட்ராடெக் கொடுத்த டிவிடெண்ட் கலந்திருக்கிறது, அதைக் கழித்தால் விஸ்கோஸ் பக்கம் இன்னும் மெலியும். வருமானத்திலும் பாதிக்கு மேல், லாபத்திலும் பாதிக்கு மேல் சிமென்ட். என்.எஸ்.இ. பட்டியலிலும் கிராசிம் கட்டுமானப் பொருள்கள் வரிசையில்தான் இருக்கிறது.

தறிக்காரர், நகரி
நான் கணக்குப் படித்தவன் இல்லை. ஆனால் கவிதா பாப்பா "ஜவுளி" என்று எழுதியதே எனக்கு இடிக்கிறது. எங்கள் பக்கம் தறிக்கு ரேயான் நூல் வாங்குகிறோம், அதை நூற்பது மில்காரர். கிராசிம் பெரும்பாலும் கொடுப்பது நூல் அல்ல, அதற்கு முந்தின பஞ்சு மாதிரி இழை. மரக்கூழை காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கந்தகச் சரக்கு சேர்த்துக் கரைத்து, சல்லடைத் துளை வழியாக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி எடுக்கிறார்கள். அது ரசாயன வேலை. நெய்வதும் நூற்பதும் வேறு.

ராஜன், மீனாட்சிபுரம்
அண்ணாச்சி, துணிக்குப் போகிற சரக்கு ஜவுளிதானே. கம்பெனியின் பழைய பெயரே குவாலியர் ரேயான். கோழிக்கோடு மாவூரில் கூட அவர்கள் ஆலை இருந்தது, 2001-இல் மூடினார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போய் அங்கே வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டால் யாரும் சிமென்ட் கம்பெனி என்று சொல்லமாட்டார்கள்.

மூர்த்தி (கணக்கர்), பாலக்காடு
மாவூருக்கும் திங்கட்கிழமை ப்ராஜெக்டுக்கும் என்ன சம்பந்தம்?

லதா, புத்தூர் (ஆந்திரா)
தறிக்கார அண்ணா சொல்வதை ஒதுக்காதீர்கள், அவர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். அரசாங்கத்தின் தொழில் குறியீட்டுப் பட்டியலான என்.ஐ.சி. 2008-இல் செயற்கை இழை தயாரிப்பு 2030 என்ற குறியீட்டில் வருகிறது. அது 20-ஆம் பிரிவு, அதாவது ரசாயனம். ஜவுளி 13-ஆம் பிரிவு. ராஜன் அண்ணா காட்டிய 17 பழைய பட்டியலின் எண், கம்பெனி பதிவு எண்ணில் அப்படியே நின்றுவிட்டது. ஆகவே ஸ்டாண்டலோனை மட்டும் வைத்துத் துறை எழுதினாலும் இழையும் காஸ்டிக் சோடாவும் ஒரே ரசாயனப் பிரிவில் விழும், இரண்டும் சேர்ந்தால் வருமானத்தில் 90 சதவீதத்துக்குப் பக்கம். செக்மென்ட் பெயரைப் பார்த்துத் துறை எழுதக் கூடாது, அதற்குள் என்ன பொருள் விற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அந்தக் காஸ்டிக் சோடாவில் ஒரு பங்கு வெளியே போகாமல் கிராசிமின் இழை ஆலைக்கே போகிறது. செக்மென்ட் தாளில் அடியில் "இன்டர் செக்மென்ட்" என்று கழித்திருப்பார்கள். கழிக்கும் முன் சதவீதம் போட்டால் கூட்டல் நூறைத் தாண்டும். கவிதா, உன் சதவீதங்கள் நூறைத் தாண்டினால் காரணம் அங்கேதான்.

செந்தில், வாளையார்
எல்லாம் சரி அக்கா, ஆனால் சொத்தை ஏன் யாரும் எடுக்கவில்லை? அதே செக்மென்ட் தாளில் சொத்தும் கொடுக்கிறார்கள். கன்சாலிடேட்டட் சொத்தில் பாதிக்கு மேல் நிதிச் சேவைதான். கடன் கொடுப்பவனுக்கு வருமானம் என்பது வட்டி மட்டும், சிமென்ட் விற்பவனுக்கு மூட்டை விலை முழுவதும் வருமானம். இந்த இரண்டையும் ஒரே தராசில் போட்டு 54, 26 என்று எழுதுவது சரியா?

லதா, புத்தூர் (ஆந்திரா)
வருமானத்தை வைத்து நிதியையும் ஆலையையும் ஒப்பிடுவது கோணல்தான், ஒப்புக்கொள்கிறேன். சொத்தை வைத்து ஒப்பிட்டால் கோணல் மறுபக்கம் போகும், ஏனென்றால் கடன் புத்தகம் முழுவதும் சொத்து, அதற்கு எதிரே வாங்கிய கடனும் கிட்டத்தட்ட அதே அளவு நிற்கும். காப்பீட்டில் பாலிசிக்காரர் பணமும் சொத்தாகத்தான் தெரியும். ஆகவேதான் லாபத்துக்குப் போனேன். அதிலும் செக்மென்ட் ரிசல்டை எடுக்காமல் வரிக்குப் பிந்திய லாபத்தை எடுத்தேன். நிதிப் பக்கத்தில் வட்டிச் செலவு செக்மென்டுக்குள்ளேயே கழிந்துவிடும், சிமென்ட் பக்கத்தில் கழியாது.

செந்தில், வாளையார்
முதலீடு எங்கே முடங்கியிருக்கிறது என்று பார்க்கிறவனுக்கு நிதித் துறைதான் பதில் என்று எனக்கு இன்னும் படுகிறது. கேப்பிடல் இந்த வேகத்தில் வளர்ந்தால் லாபமும் ஒருநாள் அங்கே சாயும், அப்போது பட்டியலை மாற்றுவார்களா?

ஹரி, கொல்லங்கோடு
அப்போ வாங்கலாமா வேண்டாமா?

கவிதா, கொழிஞ்சாம்பாறை
பார்த்துவிட்டேன், ஸ்டாண்டலோன்தான் எடுத்திருக்கிறேன் 🙏 கன்சாலிடேட்டட் தாள் எடுத்து மறுபடி போட்டதில் கிட்டத்தட்ட லதா அக்கா சொன்ன எண்களே வருகின்றன. கட்டுமானப் பொருள்கள் என்று எழுதி, கீழே 57 சதவீதக் கணக்கையும் குறிப்பாகச் சேர்த்துவிட்டேன். அடுத்து ஐ.டி.சி., அங்கே சிகரெட் வருமானம் பாதிகூட இல்லையே, என்ன எழுதுவது?

லதா, புத்தூர் (ஆந்திரா)
வருமானத்தைப் பார்த்த பிறகு செக்மென்ட் ரிசல்டுக்குப் போ. லாபத்தில் பெரும்பங்கு சிகரெட்தான், ஆனால் என்.எஸ்.இ. "டைவர்சிஃபைட் எஃப்.எம்.சி.ஜி." என்று போடுகிறது. விவசாயப் பிரிவின் இன்டர் செக்மென்டைக் கழிக்க மறக்காதே, புகையிலை இலை அங்கிருந்துதான் சிகரெட் பிரிவுக்குப் போகிறது. ஹோட்டல் 2025 ஜனவரி 1 முதல் பிரிந்துவிட்டது, ஆகவே எந்த ஆண்டு என்று முதலில் முடிவு செய்.

மூர்த்தி (கணக்கர்), பாலக்காடு
ஆண்டைச் சொல்லிவிட்டுக் கேட்கவும்.