பொங்கல் கயிறு இழுப்புக்கு ஆள் பிரிச்ச அனுபவம்

வேளச்சேரி ஃபிளாட்வாசி:
எங்க அபார்ட்மென்ட் பொங்கல் விழாவுல கயிறு இழுக்க எட்டுப் பேர் வந்தாங்க. எடை 96, 84, 78, 71, 66, 60, 55, 48 கிலோ. கனமானவர்ல ஆரம்பிச்சு வரிசையா நிறுத்தி, இங்க ஒருத்தர் அங்க ஒருத்தர்னு மாத்தி மாத்திப் பிரிச்சேன். விசில் அடிச்சு பத்து எண்றதுக்குள்ள நடுவுல கட்டின சிவப்புத் துணி கோட்டைத் தாண்டிடுச்சு. அப்புறம்தான் கூட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் 295, இன்னொரு பக்கம் 263. 32 கிலோ அதிகம்னு 96ஐ அங்க அனுப்பி 60ஐ இங்க வாங்கினேன். இப்போ எதிர்ப் பக்கம் 40 கிலோ கூடிப் போச்சு! தோத்த குட்டிப் பசங்க முகத்தைப் பார்க்க முடியலை. எங்க தப்பு பண்ணினேன்?

பெரம்பூர் பி.டி. மாஸ்டர்:
ஆளை மாத்தும்போது இங்க குறையுற அளவே அங்க ஏறும். அதனால வித்தியாசத்துல பாதியைத்தான் தேடணும். 32க்குப் பாதி 16. உங்க முதல் பிரிப்புல 78ஐயும் 60ஐயும் மாத்தியிருந்தா 277, 281. நாலு கிலோ வித்தியாசம் போட்டியில தெரியவே தெரியாது.

மாத்தி மாத்திப் பிரிச்சா ஒவ்வொரு ஜோடியிலயும் கனமானவர் ஒரே பக்கம் போறார், அதான் சிக்கல். முதல் ஆள் இங்க, அடுத்த ரெண்டு பேர் அங்க, அடுத்த ரெண்டு பேர் இங்க, அப்புறம் ரெண்டு பேர் அங்க, கடைசி ஆள் இங்கன்னு போங்க. அதுலயும் இதே 281, 277தான் வரும். முறையான போட்டிகள்லயும் தனி ஆள் எடை இல்ல, எட்டுப் பேரோட மொத்த எடைக்குத்தான் வரம்பு. 640 கிலோ பிரிவுன்னா அதுக்குள்ள யார் எவ்வளவு இருந்தாலும் சரி.

போரூர் பையன்:
அப்போ எடை சமமா இருந்தா ஆட்டமும் சமம்தானே?

பெரம்பூர் பி.டி. மாஸ்டர்:
பாதிதான் சரி தம்பி. எடை, காலைத் தரையில அழுத்துது. தரை பிடிக்கணுமே! ஒரு பக்கம் டைல்ஸ், இன்னொரு பக்கம் சிமெண்ட்னா எடைக் கணக்கு வீண். ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கம் மாத்துங்க. ரெண்டு சுற்றுலயும் ஒரே பக்கத் தரையில நின்னவங்களே ஜெயிச்சா, கோளாறு தரையில இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்.

அடையாறு அத்தை:
எங்க தெருவுல யாரும் எடையை வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. நான் சீட்டுல எழுதி வாங்கி, ஒருத்தர்கிட்ட மட்டும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். எடை மெஷினை ஜமுக்காளத்து மேல வெச்சிருந்தோம், தப்பாக் காட்டுச்சு. வெறும் தரையில வைக்கணும்ப்பா.

கொளத்தூர் அப்பா:
என் பையன் கயிறைக் கையில சுத்திக்கிட்டு விரல் வீங்கிடுச்சு. அதுக்கு என்ன பண்றது?

பெரம்பூர் பி.டி. மாஸ்டர்:
முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க சார். இனிமே கையிலயோ இடுப்புலயோ சுத்தவே விடாதீங்க.

வேளச்சேரி ஃபிளாட்வாசி:
நன்றி மாஸ்டர். இன்னொண்ணு. 30 கிலோ பிள்ளைங்க எட்டுப் பேரை, 80 கிலோ பெரியவங்க மூணு பேரோட இழுக்க விட்டா? ரெண்டு பக்கமும் 240.

பெரம்பூர் பி.டி. மாஸ்டர்:
பிள்ளைங்களுக்குப் பதினாறு கால், ஆனா கைப்பிடி பலம் குறைவு. எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்கவும் மாட்டாங்க. நான் விட்டுப் பார்த்ததில்லை. யாராவது பார்த்திருந்தா எழுதுங்க.