27 வாரக் கர்ப்பம், சளி, காய்ச்சல் 101: வீட்டில் இருக்கும் மாத்திரைகளில் எதைக் கொடுக்கலாம்?

இளந்தென்றல்:
மனைவிக்கு 27வது வாரம். நேற்றிலிருந்து மூக்கடைப்பு, தொண்டை வலி. இன்று சாயங்காலம் உடம்பு முழுக்க வலி, தெர்மாமீட்டரில் 101.2. இரவு 8 மணிக்குச் சளி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டாள். இன்னும் காய்ச்சல் இறங்கவில்லை. வீட்டில் பாராசிட்டமால் 650 இருக்கிறது, பல்வலிக்கு எனக்குக் கொடுத்த ஐபுபுரோஃபென் 400 கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இப்போது மணி 9.30. எதைக் கொடுப்பது? காலை வரை பொறுக்கலாமா, டாக்டருக்கு இப்போதே போன் செய்ய வேண்டுமா? போன செக்கப்பில் பி.பி. 138/88 இருந்தது, கவனிக்கச் சொன்னார்கள்.

பனித்துளி:
சகோ, எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று அமெரிக்காவிலேயே அறிவித்துவிட்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஓய்வு போதும். காய்ச்சல் தானாக இறங்கும். அந்த ஐபுபுரோஃபென் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள், அது கர்ப்பத்தில் ஆகாது.

மாத்திரைப்பெட்டி:
நான் மருந்தாளர். முதலில் ஒன்று செய்யுங்கள். அந்தச் சளி மாத்திரை அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் என்னென்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். அதை அப்படியே இங்கே எழுதுங்கள். அதைப் பார்க்காமல் 650ஐக் கொடுக்காதீர்கள். குழந்தை அசைவு வழக்கம்போல் இருக்கிறதா, சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்றும் அவரிடம் கேளுங்கள்.

இளந்தென்றல்:
பாராசிட்டமால் 500, ஃபினைலெஃப்ரின் 10, குளோர்ஃபெனிரமின் 2 என்று போட்டிருக்கிறது. அசைவு நன்றாக இருக்கிறது. எரிச்சல் இல்லை, மூச்சு சாதாரணமாகத்தான் இருக்கிறது.

மாத்திரைப்பெட்டி:
சரி. அப்படியென்றால் அவர் 8 மணிக்கே பாராசிட்டமால் சாப்பிட்டுவிட்டார். இப்போது 650 கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் 1150 மில்லிகிராம் ஆகிவிடும். சளி மாத்திரையை வேறு ஏதோ மருந்து என்று நினைப்பதால்தான் இது நடக்கிறது. ஒரு நாள் முழுக்க இப்படியே போனால் என்னவாகும் பாருங்கள்: 650 நான்கு தடவை என்றால் 2600, கூடவே சளி மாத்திரை மூன்று என்றால் இன்னொரு 1500. மொத்தம் 4100. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு உச்ச வரம்பே 4000தான், பல மருத்துவர்கள் அதற்கும் கீழேயே நிறுத்தச் சொல்வார்கள். தாண்டினால் அடிவாங்குவது கல்லீரல், அதுவும் முதல் நாளில் வெளியே தெரியாது.

இரண்டாவது, ஃபினைலெஃப்ரின். மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருக்கித்தான் அது அடைப்பைத் திறக்கிறது, உடம்பின் மற்ற குழாய்களும் சேர்ந்து சுருங்கலாம். 138/88 என்று எல்லையில் நிற்பவருக்கு இது வேண்டாத வேலை. அந்த அட்டையை இனித் தொட வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு விடுங்கள், தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள்.

ஐபுபுரோஃபென் விஷயத்தில் பனித்துளி சொன்னது சரி. 20 வாரத்துக்கு மேல் இந்த வகை வலி மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். இன்னும் நாள் போகப் போக, பிறந்த பிறகு மூட வேண்டிய இதயத்தருகே உள்ள ரத்தக்குழாய் வயிற்றுக்குள்ளேயே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் எல்லாம் இதே குடும்பம்.

ஆனால் காய்ச்சலை அப்படியே விடச் சொன்னதை ஏற்க முடியாது. 2025 செப்டம்பரில் அந்த அறிவிப்பு வந்தது உண்மைதான். ஆனால் ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்து 2024இல் வந்த ஆய்வில், ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது தொடர்பு எதுவும் தெரியவில்லை. உயர்ந்த காய்ச்சலைக் குறைக்காமல் விடுவதுதான் தாய்க்கும் குழந்தைக்கும் நல்லதல்ல. அடுத்த பாராசிட்டமாலை 8 மணியிலிருந்து 6 மணி நேரம் கழித்து, அதாவது 2 மணிக்கு, தேவைப்பட்டால் மட்டும் கொடுங்கள். நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இப்போது டாக்டர் விஷயம். காலை வரை வேண்டாம், இப்போதே கூப்பிடுங்கள். கர்ப்பிணிக்கு 100.4 தாண்டினாலே சொல்ல வேண்டும், இங்கே 101.2, உடம்பு வலி, எல்லையில் நிற்கும் பி.பி. இது வெறும் சளியாக இல்லாமல் ஃபுளூவாக இருந்தால், அதற்கான மருந்து அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். நேற்றே தொடங்கியது என்கிறீர்கள்.

இரண்டுகுட்டிஅம்மா:
எனக்கும் இரண்டாவது கர்ப்பத்தில் பி.பி. இருந்தது. ராத்திரியில் ஆஸ்பிரின் 75 கொடுத்திருந்தார்கள். வலி மாத்திரை ஆகாது என்றால் அதையும் நான் நிறுத்தியிருக்க வேண்டுமா? தம்பி, உங்கள் மனைவியும் அதைச் சாப்பிட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்!

மாத்திரைப்பெட்டி:
அக்கா, இல்லை. அந்தச் சின்ன அளவு ஆஸ்பிரின் கர்ப்பகால ரத்தக்கொதிப்பைத் தடுக்க மருத்துவரே பார்த்துக் கொடுப்பது. காய்ச்சல், தலைவலிக்கு நாமாகப் போடும் 300, 500 ஆஸ்பிரின்தான் வேண்டாம். மருத்துவர் எழுதியதை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

பனித்துளி:
தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் போட்டால் சீக்கிரம் போய்விடாதா? வீட்டில் டாக்ஸிசைக்ளின் இருந்தால்?

மாத்திரைப்பெட்டி:
சளி, ஃபுளூ வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. டாக்ஸிசைக்ளின் இருக்கும் குடும்பமே இந்த வாரங்களில் குழந்தையின் பல், எலும்பில் படியக்கூடியது. பழைய அட்டைகளை எடுக்கவே வேண்டாம்.

இளந்தென்றல்:
பேசினேன். உடனே வரச் சொல்லிவிட்டார்கள், இப்போது மருத்துவமனையில் இருக்கிறோம். பி.பி. 144/92. மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்கள், ஃபுளூ ஏ என்று வந்திருக்கிறது. ஓசெல்டாமிவிர் 75, ஒரு நாளைக்கு இரண்டு வீதம் ஐந்து நாள். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லையாம். பி.பி. ஏறியது மாத்திரையாலா, காய்ச்சலாலா, பதற்றத்தாலா என்று கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டு நாளில் மறுபடி அளக்கலாம் என்றார் டாக்டர்.

மாத்திரைப்பெட்டி:
அதுதான் சரி. ஃபினைலெஃப்ரின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், அதனால் அடுத்த அளவில்தான் ஓரளவு தெரியும். அதுவரை கடும் தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி வந்தால் இரண்டு நாள் காத்திருக்காமல் உடனே போங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, நீர் கசிந்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் வாந்தி வந்தாலோ அப்படியேதான்.

இரண்டுகுட்டிஅம்மா:
மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே போடலாமா? எனக்கு அதில்தான் தூக்கமே வந்தது.

மாத்திரைப்பெட்டி:
எந்த ஸ்ப்ரே என்பதைப் பொறுத்தது அக்கா. வெறும் உப்புநீர் என்றால் தாராளமாக. ஆக்ஸிமெட்டாசோலின் மாதிரி அடைப்பைச் சுருக்கும் ஸ்ப்ரே என்றால் மூன்று நாளுக்கு மேல் போனால் நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிடக் கூடும். இவருக்கு இப்போதைய பி.பி.யில் அதைக் கொடுக்கலாமா என்பதை அந்த டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், இங்கிருந்து நான் சொல்ல மாட்டேன்.

இளந்தென்றல்:
கேட்டுவிட்டேன். பி.பி. மறுபடி பார்க்கும்வரை உப்புநீர் மட்டும் என்றார். 2 மணிக்கு 650 கொடுத்தாயிற்று, இப்போது 99.8.