கிரைண்டர் ஒப்பீட்டு அட்டவணை: யாரும் படிப்பதில்லை, போன் செய்துதான் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

அல்சூர் கடைக்காரர்
வணக்கம். பெங்களூரில் வெட் கிரைண்டர் விற்கிறோம். எங்கள் தளத்தில் 14 வரிசையில் அட்டவணை இருக்கிறது. அப்படியும் எல்லோரும் போன் செய்து "எதை வாங்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். எந்த வரிசைகளை வைக்கலாம்? தசரா விற்பனைக்குள் மாற்ற வேண்டும், அவசரம்.

மல்லேஸ்வரம் மாமி
நாங்கள் நான்கு பேர். டில்டிங் வாங்கலாமா, சாதாவே போதுமா? சாதாவில் பாத்திரத்தைத் தூக்கிச் சாய்ப்பதற்குள் என் மணிக்கட்டு போய்விடுகிறது.

ராகவன்
எத்தனை மாடல்? அந்த 14 வரிசை என்னென்ன? மொபைலில் பார்ப்பவர்கள் அதிகமா? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

அல்சூர் கடைக்காரர்
மன்னிக்கவும். மூன்று மாடல்: 1.25 லிட்டர், 2 லிட்டர், 2 லிட்டர் டில்டிங். பெரும்பாலும் மொபைல்தான். வரிசைகள்: வாட், வோல்டேஜ், டிரம் ஸ்டீல், பாடி, வயர் நீளம், கல் எண்ணிக்கை, எடை, வாரண்டி… இப்படிப் போகும். மோட்டார் மூன்றிலும் 150 வாட்.

செந்தில்_டிசைன்
எல்லாத்தையும் தூக்கிவிடுங்கள். விலை, லிட்டர், வாரண்டி, மூன்றே வரிசை. 150 வாட்டுக்கு மாதம் எவ்வளவு கரண்ட் பில் வரும் என்று வேண்டுமானால் போடுங்கள், அதைத்தான் மக்கள் பார்ப்பார்கள்.

பழைய உறுப்பினர்
இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்வது? தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். விவரக்குறிப்பைப் படிக்கத் தெரியாதவருக்காக அதை அழிப்பது தவறு. கிரைண்டர் என்றால் வாட், ஆர்பிஎம், கல். அவ்வளவுதான்.

ராகவன்
செந்தில் பாதி சரி. ஆனால் மூன்று மாடலுக்கும் ஒரே வாட் என்றால் பில்லும் ஒன்றுதான். அந்த வரிசை யாருக்கும் முடிவெடுக்க உதவாது. மாடலுக்கு மாடல் விடை மாறினால்தான் அது அட்டவணையில் வரிசை. மாறாததை மேலே ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அப்புறம், விலை, தயாரிப்பாளர் பெயர், எந்த நாட்டில் தயாரித்தது போன்றவை சட்டப்படி பக்கத்தில் இருக்க வேண்டும். அவற்றைக் கீழே தனி விவரக்குறிப்பில் வையுங்கள், அழிக்காதீர்கள்.

எதை வைப்பது என்பதற்கு வாட்ஸப்பைத் திறந்து கடைசி 40 விசாரணைகளை எடுங்கள். கேட்டவரின் வார்த்தையிலேயே எழுதி, ஒரே கேள்வி மறுபடி வரும்போது ஒரு கோடு போடுங்கள். "பெல்ட் எங்கே கிடைக்கும்?" போல வாங்கிய பிறகு வரும் கேள்விகளைத் தனியே ஒதுக்குங்கள். வாங்கிவிட்டு மாற்றிக்கொண்டவர்களின் காரணத்தையும் எழுதுங்கள். தவறான மாடல் ஏன் வீட்டுக்குப் போனது என்று அதுதான் சொல்லும்.

மாமி கேட்டதையே பாருங்கள். உங்கள் "எடை" வரிசை மெஷின் முழுவதன் எடை. அவர் தூக்குவது மாவோடு இருக்கும் டிரம்மை மட்டும். வரிசையின் தலைப்பே "மாவை எடுக்கத் தூக்க வேண்டுமா?" என்று இருக்கட்டும்.

கிருத்திகா
சத்தம் முக்கியம். நாங்கள் அபார்ட்மென்ட். காலை ஆறு மணிக்கு ஓட்டினால் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டுகிறார். டெசிபல் போடுங்கள்.

செந்தில்_டிசைன்
போன் ஆப்பில் அளந்து போடலாம், எளிது.

ராகவன்
மைக் போனுக்குப் போன் மாறும். எத்தனை அடி தள்ளி அளந்தோம் என்பதும் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. கீழ்வீட்டுக்குக் கேட்பது பெரும்பாலும் மேடை வழியாக இறங்கும் அதிர்வு.

கிருத்திகா
அதற்காக ஒன்றுமே சொல்லாமல் விட்டால், வாங்குபவர் எப்படித் தெரிந்துகொள்வார்? ஓடுவதை ஒரு நிமிட வீடியோவாவது போடலாமே.

பழைய உறுப்பினர்
ரப்பர் பாய் போட்டால் முடிந்தது. இழை திசைமாறுகிறது.

அல்சூர் கடைக்காரர்
எண்ணிப் பார்த்தேன். 40-இல் 17 பேர் "எத்தனை பேருக்குப் போதும்?", 9 பேர் தூக்குவது பற்றி, 6 பேர் "மேடையில், அலமாரிக்குக் கீழே நிற்குமா?". வாட் கேட்டவர் ஒருவர், அவர் இன்வெர்ட்டருக்காக. "2 லிட்டர்" என்றால் இரண்டு லிட்டர் அரிசி போடலாம் என்று நினைத்து வாங்கியவர்கள்தான் மாற்ற வந்திருக்கிறார்கள்.

ராகவன்
அப்படியானால் லிட்டரை விட்டுவிட்டு டம்ளரில் சொல்லுங்கள். நீங்களே அரைத்து அளந்து பாருங்கள், அரிசியும் உளுந்தும் தனித்தனியாக. உளுந்து பொங்கி ஏறும், அரிசி ஏறாது. டில்டிங்குக்கு இடம் கூடுதலாக வேண்டுமென்றால் அதையும் மறைக்காமல் போடுங்கள்.

செந்தில்_டிசைன்
விலை முதல் வரிசையில்தானே?

ராகவன்
நான் கடைசியில் வைப்பேன். அதற்கு எதிராகச் சொல்பவர்களும் உண்டு.

அல்சூர் கடைக்காரர்
நேற்று மூன்று மெஷினிலும் அரைத்துப் பார்த்தோம். 2 லிட்டரில் அரிசி மூன்று டம்ளர் தடையில்லாமல் ஓடுகிறது, நான்கு போட்டால் விளிம்பில் தெறிக்கிறது. அட்டவணை ஐந்து வரிசைக்கு வந்துவிட்டது. விலையை இப்போதைக்கு மேலேயே வைத்திருக்கிறேன். மாமி, உங்களுக்கு டில்டிங். மேடைக்கும் அலமாரிக்கும் இடையே உள்ள உயரத்தை மட்டும் அளந்து சொல்லுங்கள்.