ரூட்டரில் டாங்கிள் மாட்டி பேக்கப் லைன்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:
மதுரையில் எங்கள் தெருவில் குழாய்க்குத் தோண்டினாலும் சாக்கடைக்குத் தோண்டினாலும் முதலில் அறுவது ஃபைபர்தான். எனக்கு வீட்டிலிருந்து வேலை, ஆபீஸ் விபிஎன் நாள் முழுக்க ஓட வேண்டும். அதனால் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட ரூட்டரின் யூஎஸ்பி போர்ட்டில் சிம் போட்ட ஹுவாவே E3372 4ஜி டாங்கிளை மாட்டி வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது ஹைலிங்க் வகை, அதாவது டாங்கிளே உள்ளுக்குள் ஒரு குட்டி ரூட்டர், 192.168.8.1 என்று தனக்கென ஒரு பக்கம் வைத்திருக்கும். நம் ரூட்டருக்கு அது இன்னொரு லேன் கார்டாகத்தான் தெரியும், `kmod-usb-net-cdc-ether`, `usb-modeswitch` இரண்டையும் போட்டு டிஹெச்சிபி கொடுத்தால் வேலை முடிந்தது. டயல் நம்பர், ஏடி கமாண்ட் எதுவும் வேண்டாம்.

மாட்டுவது சுலபம். ஃபைபர் போனதை ரூட்டர் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் தடவை கேபிள் அறுந்தபோது ஃபைபர் வந்து சேரும் பெட்டியான ஓஎன்டியில் லாஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது, டாங்கிளில் சிக்னல் இருக்கிறது, ஆனால் வீட்டில் நெட் இல்லை. ஏனென்றால் அறுந்தது தெருவில். ஓஎன்டிக்கும் ரூட்டருக்கும் நடுவில் இருக்கும் லேன் வயர் உயிரோடு இருக்கிறது, வான் போர்ட் விளக்கும் பச்சை. வயரை மட்டும் பார்க்கும் ரூட்டருக்கு எந்தப் பிரச்சினையும் தெரியாது, மாறவே மாறாது. வெளியே ஒரு முகவரிக்கு பிங் போட்டுப் பார்த்து முடிவெடுக்கச் சொல்ல வேண்டும். அதைச் செய்து லைனை மாற்றுவது mwan3 என்ற பேக்கேஜ். `/etc/config/mwan3`-ல் இப்போது என்னிடம் இருப்பது:

```
config interface 'wan'
	option enabled '1'
	list track_ip '1.1.1.1'
	list track_ip '8.8.8.8'
	option reliability '1'
	option interval '10'
	option down '3'
	option up '6'
	list flush_conntrack 'connected'
```

பத்து விநாடிக்கு ஒருமுறை பார்க்கும், வரிசையாக மூன்று முறை பதில் இல்லையென்றால் டாங்கிளுக்குப் போகும். ஆக, அரை நிமிடம் போல நெட் இருக்காது. விபிஎன் அறுந்து மறுபடி இணையும், வீடியோ கால் கண்டிப்பாகப் போய்விடும். வெளியில் தெரியும் ஐபி மாறுவதால் அதைத் தவிர்க்க வழியில்லை.

மற்றவர்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

கடைத்தெரு:
நான் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். நெட் போனாலும் வீட்டிலிருந்து கேமரா பார்க்க வேண்டும் என்றுதான் டாங்கிள் வாங்கினேன். பில் சாஃப்ட்வேரும் கார்டு மெஷினும் ஓடுகிறது, ஆனால் ஃபைபர் போனதும் போனில் கேமரா வருவதில்லை. போர்ட் ஃபார்வர்டு டாங்கிள் பக்கத்திலும் போட்டுக் கொடுத்தார் கடைக்கு வந்த பையன். சிம் பிரச்சினையா அண்ணே?

ஒயர்மேன்:
சிம் பிரச்சினை இல்லை. டாங்கிள் பக்கம் போய் உங்களுக்கு வந்திருக்கும் வான் ஐபியைப் பாருங்கள். 10 என்றோ 100.64-லிருந்து 100.127 வரைக்குள்ளோ தொடங்கினால், மொபைல் நிறுவனம் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறைய பேரை உட்கார வைத்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உங்கள் கதவைத் தட்ட முடியாது. நீங்கள் திறக்கும் போர்ட்டுக்கு மேலே அவர்களுடைய கதவு பூட்டிக் கிடக்கிறது, ரூட்டரில் எதை மாற்றினாலும் பயனில்லை. டிவிஆரில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து பார்க்கும் பி2பி வசதி இருக்கிறதா பாருங்கள். அதில் டிவிஆரே வெளியே போய் சர்வரோடு பேசும், டாங்கிளிலும் வேலை செய்யும். ஆனால் நேரம் போகப் போக டேட்டா கரையும், தரம் குறைந்த சப் ஸ்ட்ரீம் மட்டும் பாருங்கள்.

இன்னொன்று. ZTE டாங்கிள் பலதும் 192.168.0.1-ல் உட்காரும். வீட்டு ரூட்டரும் அதே 192.168.0.1 என்றால் இரண்டும் மோதும், டாங்கிள் இணைந்தது போலக் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. ஒன்றை மாற்றிவிடுங்கள்.

பைட்_பாண்டி:
வைகைக்கரை, அதை நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் போடுங்க, வேகம் கூடும். நான் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஜன்னல் பக்கம் வைத்ததில் நல்ல முன்னேற்றம்.

ஒயர்மேன்:
எக்ஸ்டென்ஷன் சரி, போர்ட் சரியில்லை. E3372 யூஎஸ்பி 2 சாதனம், எல்டிஇ பக்கம் அதிகபட்சம் 150 எம்பிபிஎஸ். யூஎஸ்பி 2-வே 480 தாங்கும், அதனால் நீலப் போர்ட்டில் ஒன்றும் கூடாது. உங்களுக்குக் கூடியது ஜன்னலால். பெரும்பாலான வீட்டில் ரூட்டர் பீரோவுக்குப் பின்னால், சுவர் மூலையில் இருக்கும், அங்கே டவர் சிக்னல் நன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. டாங்கிள் பக்கத்தில் சிக்னல் பலம் காட்டும் ஆர்எஸ்ஆர்பி எண்ணைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள், -115 இருக்கும் மோசமான இடத்துக்கும் -95 இருக்கும் நல்ல இடத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வயர் மட்டும் ரொம்ப நீளம் வேண்டாம், ஒன்றரை மீட்டர் போதும், மெல்லிய வயரில் மின்சாரம் வழியிலேயே குறைந்துவிடும்.

வேளச்சேரி:
என் அனுபவம் வேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஃபைபர் போனது, டாங்கிளும் கொஞ்ச நேரத்தில் செத்துவிட்டது. மின்சாரம் இல்லாமல் டவரின் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்? ரூட்டருக்கு மினி யூபிஎஸ் வைத்திருந்தும் பிரயோஜனமில்லை. அந்த மாதிரி நாளுக்கு இந்த ஏற்பாடு இல்லை, தெருவில் கேபிள் அறுபடும் நாளுக்குத்தான். ஃபைபர் கொடுக்கும் அதே நிறுவனத்தின் சிம்மை டாங்கிளில் போடாதீர்கள் என்பது மட்டும் உறுதியாகச் சொல்வேன், ஒரே இடத்தில் கோளாறு வந்தால் இரண்டும் சேர்ந்து போகலாம்.

அப்புறம், பேக்கப் சிம்முக்கு ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் போட்டு வையுங்கள். பயன்படுத்தாத சிம்மின் வேலிடிட்டி முடிந்தது யாருக்கும் தெரியாது, தேவைப்படும் அன்றுதான் தெரியும். டாங்கிளுக்குள் கிடப்பதால் நினைவூட்டல் எஸ்எம்எஸ்ஸும் கண்ணில் படாது.

வைகைக்கரை:
அதற்காகத்தான் டாங்கிள் பக்கமும் 60 விநாடிக்கு ஒருமுறை பிங் போட வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் வேலிடிட்டி தீர்ந்துவிட்டால் `mwan3 status`-ல் ஃபைபர் நன்றாக இருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டிவிடும்.

டேட்டா பற்றியும் சொல்ல வேண்டும். என் பிளானில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, அதைத் தாண்டினால் 64 கேபிபிஎஸ். ஹெச்டியில் ஓடும் டிவி ஒரு மணி நேரத்தில் 3 ஜிபி வரை தின்னும், ஆக அரை மணியில் அன்றைய கணக்கு முடிந்துவிடும். லைன் மாறியது வீட்டில் யாருக்கும் தெரியாது, போன்கள் போட்டோ ஏற்றும், லேப்டாப் அப்டேட் இறக்கும். அதனால் ஆபீஸ் லேப்டாப்பின் ஐபிக்கு மட்டும் `src_ip` போட்டு ஒரு விதி, அதற்குத்தான் டாங்கிள் வழி. மற்ற எல்லாவற்றுக்கும் ஃபைபர் மட்டும், `last_resort` என்பது `unreachable`, அதாவது ஃபைபர் போனால் அவற்றுக்கு நெட்டே இல்லை. வீட்டில் சண்டை வந்தது உண்மை, ஆனால் மாலை வரை வேலை ஓடியது.

மேலே கடைசி வரியில் இருக்கும் `flush_conntrack` எதற்கென்றால், ஃபைபர் திரும்பி வந்த பிறகும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் டாங்கிளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், விபிஎன் மாதிரி நீளமான இணைப்பு ராத்திரி வரை அங்கேயே இருக்கும். அதை வெட்டிப் பழைய வழிக்கு அனுப்புவதற்கு. ஃபைபர் வந்துவிட்டது என்று நம்ப வரிசையாக எத்தனை முறை பதில் வேண்டும் என்பதுதான் `up`, அதை 6 என்று கூட்டி வைத்ததும் காரணமாகத்தான். லைன்மேன் ஜாயின்ட் போடும்போது ஃபைபர் வந்து வந்து போகும், ஒவ்வொரு தடவையும் மாறினால் வேலை செய்ய முடியாது.

பைட்_பாண்டி:
எனக்குப் பெரிய ஃபைல் அப்லோடு செய்யும்போது டாங்கிள் தானாக அணைந்து மறுபடி வருகிறது. `dmesg`-ல் இப்படி:

```
usb 1-1: USB disconnect, device number 4
```

சூட்டினாலா, கரண்ட் போதாமலா?

ஒயர்மேன்:
அப்லோடில் மட்டும் என்றால் கரண்ட் மேல்தான் எனக்குச் சந்தேகம். சிக்னல் மோசமான இடத்தில் டாங்கிள் முழு பலத்தில் அனுப்பும், யூஎஸ்பி 2 போர்ட்டின் 500 மில்லியாம்பியர் அந்த நேரத்தில் இழுபறியாகிவிடும், ரூட்டர் அடாப்டர் சின்னது என்றால் இன்னும் மோசம். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் நடுவில் போட்டுப் பாருங்கள்.

பைட்_பாண்டி:
ஹப் போட்டுப் பார்த்தாச்சு அண்ணே, குறைந்தது, நிற்கவில்லை. தொட்டால் நன்றாகச் சுடுகிறது. இந்த வாரம் சின்ன ஃபேன் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.