எறிபந்தில் பிடி எப்போது பிழையாகிறது? பள்ளிக் கைந்நூலுக்காகக் கேட்கிறேன்

உப்புவெளி ரீச்சர்

எங்கள் பெண்கள் பாடசாலையின் விளையாட்டுக் கைந்நூலில் எறிபந்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். சேர்வ், பிடி, பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழைகள், இவ்வளவும் அதற்குள் அடங்க வேண்டும். மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். பிடி என்ற இடத்தில் வந்து நிற்கிறேன். போன தவணை இல்லப் போட்டியில் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை.

கடைசி செற். எங்களிடம் ஒரு செற்றுக்கு 15 புள்ளி. முல்லை 14, மருதம் 13. மருதத்துப் பிள்ளை சேர்வ் போட்டாள். பந்து வலையைத் தொடாமல் உயரமாக வந்து பின்வரிசைக்குப் போனது. அங்கே நின்ற முல்லைப் பிள்ளை எங்கள் வலைப்பந்து அணியிலும் ஆடுகிறவள். பின்பக்கமாகத் துள்ளி, இரண்டு கால்களும் நிலத்தை விட்டு எழும்பிய நிலையில், பந்தை இரு கைகளாலும் அழகாகப் பிடித்தாள். இறங்கியதும் ஒரு கையால் தோளுக்கு மேலாக எறிந்தாள். எதிர்ப்பக்க மூலையில் ஆளில்லாத இடத்தில் பந்து விழுந்தது. முல்லை வென்றுவிட்டது என்று பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் நான் அவள் பிடித்த கணத்திலேயே விசில் ஊதியிருந்தேன். கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. எறியும்போது துள்ளலாம், பிடிக்கும்போது துள்ளக் கூடாது. புள்ளி மருதத்துக்குப் போய் 14க்கு 14 ஆனது. பிறகு செற்றும் மருதத்துக்கே போனது. அந்தப் பிள்ளை அழுதுகொண்டே கேட்டாள்: “வலைப்பந்தில இப்படிப் பிடிச்சா நீங்கதானே ரீச்சர் கை தட்டுவீங்க?” அவள் சொன்னது உண்மைதான். இரண்டு விளையாட்டையும் பழக்குவது நான்தான். பிடியில் உள்ள வித்தியாசத்தை ஒரு நாளும் தனியாக எடுத்துச் சொன்னதில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். சட்டத்தை நான் தேடிக்கொள்வேன். எங்கே பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தேவை.

நிலாவெளி வொலிபோல்

ரீச்சர், நான் வொலிபோல் ஆடினவன். தங்கச்சியின் பள்ளியில் இரண்டு வருடம் எறிபந்து பழக்க உதவி செய்தேன். பிடியை விட சேர்வில்தான் அதிகம் சண்டை வந்தது. பின்னேரத்தில் கடற்காற்று எழும்பினால் எங்கள் மைதானத்தில் பந்து நேராகப் போகாது. வலையில் பட்டு அந்தப் பக்கம் விழும். அப்போதெல்லாம் ஆட்டம் தொடரும் என்று கைந்நூலில் தெளிவாக எழுதிவிடுங்கள். துள்ளி சேர்வ் போடலாம், ஆனால் கடைசிக் கோட்டை மிதிக்கக் கூடாது என்பதையும் சேருங்கள்.

ஓய்வுபெற்ற பி.ரி.

தம்பி, துள்ளலும் கோடும் நீங்கள் சொன்னபடிதான். வலை விஷயம் அப்படி இல்லை. சேர்வ் பந்து வலையில் பட்டாலும் ஆட்டம் தொடர்வது வொலிபோலில். அங்கேயும் ஒரு காலத்தில் அது பிழையாகத்தான் இருந்தது, பிறகு மாற்றினார்கள். எறிபந்தில் சேர்வ் பந்து வலையைத் தொடவே கூடாது. தொட்டு அந்தப் பக்கம் விழுந்தாலும் சேர்வ் பிழை. சேர்வ் முடிந்து பந்து இரு பக்கமும் போய்வரத் தொடங்கிய பிறகு வலையில் படலாம், ஆட்டம் நிற்காது. வலையின் ஓரத்தில் நிற்கும் அன்ரெனாவில் மட்டும் படக் கூடாது. ஒரே வலைக்கு இரண்டு விதி இருப்பதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

காற்றுக்கு ஒரு வழி சொல்கிறேன். காற்று முகத்துக்கு வரும் பக்கத்தில் நின்றால், உயரமாக வளைத்துப் போடுகிற சேர்வை விடச் சொல்லுங்கள். காற்று பந்தைப் பிடித்து வலையிலேயே போட்டுவிடும். தோளுக்கு மேலிருந்து நேராகத் தள்ளி எறிந்தால் வலைக்கு மேலே ஒரு முழம் விட்டுப் போகும். அப்புறம் ஐந்து விநாடி. நடுவர் விசில் ஊதியதும் அந்தக் கணக்கு தொடங்கிவிடும். வொலிபோல் பழக்கத்தில் பிள்ளைகள் பந்தை நிலத்தில் நாலு தடவை தட்டி, மூச்சு விட்டு, தலைமயிரை ஒதுக்கி முடிக்கிற நேரத்தில் ஐந்து விநாடி போய்விடும். தட்டுவதை விசிலுக்கு முன்னரே முடிக்கச் சொல்லுங்கள்.

ரீச்சர், உங்கள் தீர்ப்பு சரியானது. பிடியில் நான் கண்ணை விட காதைத்தான் அதிகம் நம்பினேன். நல்ல பிடியில் சத்தம் வராது. “டப்” என்று கேட்டால் பந்து உள்ளங்கையில் அடித்து ஒரு விரல் அளவாவது எழும்பி, மறுபடி கைக்கு வந்திருக்கும். அது இரண்டு தொடுகை, அதாவது பிழை. சேர்வைப் பிடிக்கும்போது இது இன்னும் கூட வரும், ஏனென்றால் பந்து தூரத்திலிருந்து வேகமாக வருகிறது. முழங்கையை விறைப்பாக நீட்டி நிற்கிற பிள்ளையிடம்தான் அந்தச் சத்தம் கேட்கும். முழங்கையை மடக்கி, பந்து வந்ததும் கையை அதனோடு கொஞ்சம் பின்னுக்கு விட்டால் சத்தம் அடங்கும். ஆனால் நெஞ்சு வரைக்கும் விடக் கூடாது. உள்ளங்கையும் விரல்களும் தவிர உடம்பில் வேறு எந்த இடத்தில் பந்து பட்டாலும் பிழை. புதுப் பிள்ளைகள் பந்தைக் குழந்தையை அணைப்பது போல நெஞ்சோடு அணைத்துவிடுவார்கள்.

மூதூர் அம்மா

எந்த விளையாட்டு பிள்ளைக்கு நல்லது என்றுதானே கேட்கிறீர்கள்? என் மகள் எட்டாம் வகுப்பு. வலைப்பந்து ஆடி இரண்டு தடவை விரல் வீங்கிவிட்டது. எறிபந்தில் இன்னும் வேகமாகப் பந்து வரும் என்கிறார்கள். விடலாமா, விடக் கூடாதா என்று பயமாக இருக்கிறது.

உப்புவெளி ரீச்சர்

அம்மா, நான் கேட்டது வேறு, ஆனாலும் உங்கள் கேள்வி கைந்நூலுக்கு உதவும். விரல் நுனி பந்தைப் பார்த்து நீட்டியிருந்தால் பந்து நேராக நுனியில் குத்தும். வீக்கம் அப்படித்தான் வருகிறது. நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும், இரண்டு பெருவிரலும் பந்துக்குப் பின்னால் கிட்டக் கிட்ட இருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்கு விரல்கள் நிலத்தைப் பார்த்து, சின்ன விரல்கள் இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். வீங்கினால் யாரையும் இழுத்துவிட விடாதீர்கள். வீக்கம் வற்றாவிட்டால் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

இடக்கைக்காரி

ரீச்சர், எனக்கு இருபது வருடத்துக்கு முந்தின கதை ஒன்று இருக்கிறது. நான் இடக்கைக்காரி. வலயப் போட்டி ஒன்றில் ஒரே ஆட்டத்தில் என் பெயருக்கு நான்கு பிழை விழுந்தது, நாலும் ஒரே பிழை. பந்து என் வலப்பக்கம் வரும். வலத் தோளுக்கு முன்னால் இரு கையாலும் ஒழுங்காகப் பிடிப்பேன். எறிவது இடக்கையால் என்பதால் பந்தை நெஞ்சுக்குக் குறுக்கே இடத் தோளுக்குக் கொண்டுவருவேன். உடனே விசில். நடுவர் கையால் இடமும் வலமும் காட்டுவார். முதல் இரண்டு தடவை எனக்கு என்ன பிழை என்றே விளங்கவில்லை. மூன்று விநாடிக்குள் எறிந்துவிட்டேனே என்றுதான் யோசித்தேன்.

பிடித்த பந்தைப் பக்கவாட்டில் நகர்த்தக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. வலக்கைப் பிள்ளைகளுக்கும் இது வரும்தான், ஆனால் எதிரணி பெரும்பாலும் வலக்கைக்காரர், அவர்களின் பந்து எனக்கு வலப்பக்கமே வந்துகொண்டிருந்தது. பிறகு எங்கள் ரீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். பந்து வருவதற்கு முன்பே வலப்பக்கம் ஒரு அடி வைத்துப் போய் நில், அப்போது பந்து உன் இடத் தோளுக்கு வரும் என்றார். பிடிக்கும் முன் கால் எங்கும் போகலாம், பிடித்த பிறகுதானே தடை. ஒரு மாதம் பழகினேன். கைந்நூலில் இடக்கைப் பிள்ளைகளுக்கென்று இரண்டு வரி எழுதுங்கள், தயவுசெய்து.

இன்னொன்று. களைத்த பிறகு எல்லோரும் கையைத் தாழ்த்தி இடுப்புப் பக்கத்திலிருந்து வீசுவோம். தோளுக்கு மேலிருந்துதான் எறிய வேண்டும். இரண்டாவது செற்றில் இந்தப் பிழை கூடுவதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற பி.ரி.

இடக்கைக்காரி சொன்னதுதான் நான் கண்டவற்றிலேயே அதிகம் விளக்கப்படாத பிழை. பந்தைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோவது எறிவதற்கான அசைவு, அதை நான் ஊதவில்லை. குறுக்கே போனால் ஊதினேன். கொஞ்சம் சரிவாகப் போனால்? நான் விட்டிருக்கிறேன், என்னோடு நின்ற நடுவர் ஊதியிருக்கிறார்.

நிலாவெளி வொலிபோல்

வலை விஷயத்தில் நான் இரண்டு வருடம் பிழையாகப் பழக்கியிருக்கிறேன். தங்கச்சியிடம் இன்றே சொல்லப் போகிறேன். ரீச்சர், கோடு போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் வொலிபோல் கோர்ட்டிலேயே ஆடவிட்டோம். நீளம் 18 மீற்றர், எறிபந்துக்கு 18.30, அது பெரிய வித்தியாசமில்லை. அகலம்தான் 9 மீற்றருக்கு 12.20. பக்கத்துக்கு 1.60 மீற்றர் கூட. சின்னக் கோர்ட்டில் பழகிய எங்கள் பிள்ளைகள் போட்டியில் ஓரத்துப் பந்தை வெளியே போகிறது என்று விட்டுவிட்டு நின்றார்கள். எல்லாம் உள்ளே விழுந்தது.

உப்புவெளி ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பிடி பற்றி இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

“பந்து உன் கைக்கு வரும்போது உன் இரண்டு பாதங்களும் நிலத்தில் இருக்கட்டும். இரு கைகளாலும் ஒரே தடவையில், சத்தமில்லாமல் பிடி. நெஞ்சில் சாய்க்காதே, பக்கத்தில் நிற்பவளுக்குக் கொடுக்காதே, இடம் வலமாக நகர்த்தாதே. மூன்று விநாடிக்குள் ஒரு கையால் தோளுக்கு மேலிருந்து எறி. எறியும்போது துள்ளலாம். நீ இடக்கைக்காரி என்றால் பந்து வரும் முன்பே வலப்பக்கம் நகர்ந்து நில். வலைப்பந்தும் ஆடுகிறவள் என்றால், அங்கே துள்ளிப் பிடித்தது போல் இங்கே பிடிக்காதே.”

ஒன்று மட்டும் தீரவில்லை. எட்டிப் பிடிக்கும்போது பின்னங்கால் குதி எழும்பி, விரல் நுனி மட்டும் நிலத்தில் இருக்கிறது. அது நிலத்தில் இருப்பதாகத்தானே கணக்கு?

ஓய்வுபெற்ற பி.ரி.

விரல் நுனி இருந்தால் நான் ஊத மாட்டேன். ஒரு கால் முழுக்க எழும்பினால் ஊதுவேன்.

நிலாவெளி வொலிபோல்

ஒரு காலுக்கு எங்கள் பக்கம் யாரும் ஊதிப் பார்த்ததில்லை, ரீச்சர்.

உப்புவெளி ரீச்சர்

அப்படியென்றால் அந்த வரியை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில், காற்று எழும்ப முதல், 12.20க்குக் கோடு போட்டு அந்த முல்லைப் பிள்ளையையே பின்வரிசையில் நிறுத்தப் போகிறேன். பாதத்தைப் பார்க்க ஒருத்தியைப் பக்கக் கோட்டில் குந்தியிருக்கச் சொல்லியிருக்கிறேன்.