செம்பருத்தியின் ஐந்து இதழும் சேர்ந்து கழன்று வந்தபோது: அனுபவப் பகிர்வு

கொல்லைப்புறம்
அண்ணன் மகள் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். பூவின் உறுப்புகளை எழுத்தாலும் எண்ணாலும் சுருக்கிக் காட்டும் மலர் வாய்ப்பாட்டை மந்திரம்போல உருப்போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் விரிந்த ஒற்றைச் செம்பருத்தி ஒன்றைப் பறித்து வந்து, பழைய செய்தித்தாளை விரித்து, புதுப் பிளேடும் கையுமாக உட்கார்ந்தோம்.

காம்புக்கு மேலே குச்சி குச்சியாக நின்ற பச்சை உறுப்புகளைப் புல்லி இதழ்கள் என்று எண்ணத் தொடங்கினாள். அது புறப்புல்லி வட்டம். அந்தப் பூவில் ஆறு இருந்தன. அதற்கு உள்ளே கிண்ணம்போல இருப்பதுதான் புல்லி வட்டம். நுனியில் ஐந்து பல். ஒன்றைத் தனியே எடுக்கப் பார்த்தால் கிண்ணமே கிழிகிறது. ஐந்தும் இணைந்திருப்பதால் அடைப்புக்குறி போட்டு K(5) என்று அவளாகவே எழுதினாள்.

அடுத்தது அல்லி வட்டம். அடியில் பிடித்து இழுத்தாள். ஐந்து சிவப்பு இதழும் நடுத்தண்டோடு ஒரே கொத்தாகக் கழன்று வந்தன. “அத்தை, இதுவும் இணைந்துதானே இருக்கிறது? புத்தகத்தில் ஏன் அடைப்புக்குறி போடாமல் C5 என்று இருக்கிறது?” என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கொத்தைத் திருப்பி, இரண்டு இதழ்களுக்கு நடுவே பிளேடு நுனியை நுழைத்தேன். அங்கே ஒட்டே இல்லை. ஒவ்வோர் இதழின் அடியும் தனித்தனியாக நடுக்குழலைப் பற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து இதழைத் தொட்டு நின்றாலும் அதனோடு இணையவில்லை.

இரு பிள்ளை அப்பா
நல்ல அனுபவம். ஆனால் மகரந்தத்தாளுக்கும் அடைப்புக்குறி வேண்டாம் என்றே நினைக்கிறேன். மஞ்சள் பைகள் எல்லாம் தனித்தனியாகத்தானே நிற்கின்றன? எண்ணற்றவை என்பதற்கு A∞ போதும் என்று என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உச்சியில் ஐந்து சூல்முடி இருப்பதால் சூலிலை ஐந்து என்பதையும் சொன்னேன்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை
சூலிலையைப் பற்றிச் சொன்னது இந்தப் பூவுக்குச் சரி. மகரந்தத்தாள் விஷயத்தில் மகனிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள், ஐயா. பைகள் தனிதான், ஆனால் அவற்றைத் தாங்கும் கம்பிகள் கீழே ஒன்றாகிக் குழலாகிவிட்டன. அந்தக் குழலைத்தான் பலர் சூல்தண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். அதை நெடுக மெதுவாகக் கீறிப் பாருங்கள். உள்ளே வெளிறிய நூல்போல உண்மையான சூல்தண்டு தனியாக ஓடும். கம்பிகள் இணைந்திருப்பதைக் காட்டத்தான் A(∞).

கொல்லைப்புறம் அம்மா, உங்கள் மருமகள் கேட்டது அருமையான கேள்வி. அடைப்புக்குறி ஒரே வட்டத்து உறுப்புகள் தமக்குள் இணைவதை மட்டுமே சொல்லும். அல்லி இதழ் மகரந்தக் குழலோடு ஒட்டுவது வேறு வட்டத்தோடு கொண்ட உறவு. அதைக் காட்ட C-க்கும் A-க்கும் மேலே ஒரு வளைகோடு போடுவது வழக்கம். சில புத்தகங்களில் அதை விட்டுவிடுகிறார்கள், பிள்ளைகள் குழம்புவது அதனால்தான். பக்கத்தில் ஓர் ஊமத்தம்பூவை வைத்துக் காட்டுங்கள். அங்கே இதழ்கள் ஒன்றோடொன்று இணைந்து புனலாகவே ஆகியிருக்கும், அதுதான் C(5).

கிண்ணத்தின் அடியில் தங்கிய சூல்பையை எறிந்துவிடாதீர்கள். நெடுக்கில் வெட்டினால் ஐந்து அறையும் தெரியாது. பருத்த நடுப்பகுதியில் குறுக்காக வெட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, லென்ஸில் பாருங்கள். நடு அச்சைச் சுற்றி ஐந்து அறைகள், அச்சில் ஒட்டிய வெண்மணிச் சூல்கள். மற்ற வட்டங்கள் சூல்பைக்குக் கீழிருந்து கிளம்புவதால் சூலகத்தைக் குறிக்கும் G-க்கு அடியில் கோடு. ஆரச்சமச்சீர், இருபால் குறிகளை முன்னே சேர்த்தால் வாய்ப்பாடு இது. தட்டச்சில் வராத C, A வளைகோட்டை மட்டும் கையால் போட்டுக்கொள்ளுங்கள்.

```
⊕ ⚥ K(5) C5 A(∞) G̲(5)
```

மாடித்தோட்டம்
எங்கள் செம்பருத்தியில் மொட்டுகள் விரியாமலே உதிர்கின்றன. வெள்ளைப் பஞ்சுபோல ஏதோ ஒட்டியிருக்கிறது. பூவை வெட்டிப் பார்த்தால் காரணம் தெரியுமா?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை
பூவை வெட்ட வேண்டாம். அது மாவுப்பூச்சியாக இருக்கலாம். இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் பாருங்கள்.

பத்தாவது வரிசை
நான் மாணவனாக இருந்தபோது செய்முறைத் தேர்வுக்கு அடுக்குச் செம்பருத்தியைக் கொண்டுபோய்த் தவித்தேன். இதழ்களை எண்ணி முடிக்கவே இல்லை. குழலும் சரியாக அமையவில்லை. C5 என்று எழுதக் கை வரவில்லை. அப்போது அருகில் வந்த ஆய்வக உதவியாளர் ஓர் உள்ளிதழை எடுத்து விளிம்பைக் காட்டினார். பாதி சிவப்பு இதழ், அதன் ஓரத்திலேயே ஒரு மஞ்சள் மகரந்தப்பை! மகரந்தத்தாள்கள்தாம் இதழாக மாறியிருந்தன. அந்த ஓர் இதழை இன்றும் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கு முதலில் ஒற்றைப் பூவையே கொடுங்கள். அடுக்குப்பூவைப் பிறகு காட்டுங்கள்.

கொல்லைப்புறம்
ஆசிரியை அம்மாவுக்கு மிக்க நன்றி. ஊமத்தையைப் பக்கத்தில் வைத்ததும் அவளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. இன்று காலை அதே செடியில் இன்னொரு பூவைப் பார்த்தோம், புறப்புல்லி ஏழு. நேற்று ஆறு. வாய்ப்பாட்டில் எதை எழுதுவது?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை
கையில் இருக்கும் பூவில் எண்ணியதை எழுதச் சொல்வேன். இனத்துக்குப் பொதுவாக எழுதும்போது 5 முதல் 8 வரை என்று போடுவார்கள்.

இரு பிள்ளை அப்பா
தேர்வில் ஒரே எண்ணைத்தான் எதிர்பார்ப்பார்கள் அல்லவா? அது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. மகனிடம் குழலைக் கீறிக் காட்டினேன், அம்மா. உள்ளே நூல் இருந்தது.