அப்பாவின் கொப்பியில் கையெழுத்து மாறிய மாதம்: நிறைவேற்றுநராக நான் கட்டிய வரி

வெள்ளவத்தை மகள்:
அப்பா 2024 செப்டெம்பர் கடைசியில் காலமானார். மரண சாசனத்தில் என்னை நிறைவேற்றுநராக எழுதியிருந்தார். வெள்ளவத்தையில் ஒரு கட்டடம், அதன் மேல்மாடியை ஒரு கம்பனி மாதம் 150,000 ரூபாவுக்கு வாடகைக்கு வைத்திருக்கிறது. அதைவிட, மாதா மாதம் ஏறத்தாழ 100,000 ரூபா வட்டி தரும் நிலையான வைப்புகள். புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு முடிந்து பங்கு பிரிக்கும் வரை எல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தன.

அப்பா நீல அட்டைக் கொப்பியொன்றில் வாடகை வந்த திகதியை எழுதி வைப்பார். செப்டெம்பர் வரை அவருடைய சாய்ந்த எழுத்து, ஒக்டோபர் முதல் என்னுடையது. வரிச் சட்டமும் எழுத்து மாறிய அந்த இடத்தில்தான் ஆண்டை இரண்டாகப் பிளக்கிறது என்று எனக்கு 2025 நவம்பரில்தான் தெரிய வந்தது. அதற்குள் வந்த பணத்தைத் தம்பிக்கும் தங்கைக்கும் பகிர்ந்துவிட்டேன். பிறகு இருவரிடமும் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. தங்கை ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பினாள், தம்பி இரண்டு வாரம் என்னோடு கதைக்கவில்லை. வேறு யாரும் இப்படி அகப்படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனை ராஜன்:
அக்கா, மரண வரி இலங்கையில் எப்போதோ ஒழிந்துவிட்டதே. நீங்கள் எதற்கு வரி கட்டினீர்கள்? யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

வெள்ளவத்தை மகள்:
சொத்துக்கு வரி இல்லை, ராஜன். அந்தச் சொத்து என் கையில் இருந்தபோது உழைத்த வாடகைக்கும் வட்டிக்கும்தான் வருமான வரி.

ஓய்வுபெற்ற கணக்காளர்:
மகள் சொல்வது சரி. முப்பது வருடம் இதே வேலை செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தில் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற சொல்லுக்குள் நிறைவேற்றுநரும் நிர்வாகியும் அடங்குகிறார்கள். அதனால் இறந்தவர் விட்டுச்சென்ற ஆதனம் உங்களிலிருந்தும் பிள்ளைகளிலிருந்தும் வேறான ஒரு வரி செலுத்துநர். உயிரோடிருக்கும் தனிநபருக்குக் கிடைக்கும் தனிநபர் நிவாரணத்தை நிறைவேற்றுநர் அந்தப் பொறுப்பில் கோர முடியாது. 6 வீதத்தில் தொடங்கும் படிமுறையும் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 வீதம்.

மகளின் கணக்கையே போட்டுப் பாருங்கள். வரியாண்டின் முதல் பாதியில், ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, அப்பாவுக்கு வாடகை 900,000. அதில் நான்கில் ஒரு பங்கு திருத்த வேலைகளுக்கான நிவாரணமாகக் கழிந்தால் 675,000. வட்டி 600,000 சேர்ந்து 1,275,000. அந்த ஆண்டின் தனிநபர் நிவாரணம் 1,200,000. மீதி 75,000க்கு 6 வீதப்படி வரி 4,500 ரூபாதான்.

ஒக்டோபர் முதல் மார்ச் வரை அதே வாடகை, அதே வட்டி. சோலைவரியும் கூரைத் திருத்தமும் 60,000 என்று வைத்துக் கழித்தால் 1,440,000. அதற்கு 30 வீதம் 432,000. வீடு மாறவில்லை, குடியிருப்பவர் மாறவில்லை, பணம் யார் பெயரில் வந்தது என்பது மட்டும் மாறியது.

பம்பலப்பிட்டி சிவா:
இதற்கு வழி இருக்கிறது. 2025 ஏப்ரலில் வட்டியில் பிடிக்கும் வரியை 5 வீதத்திலிருந்து 10 ஆக்கியபோது, சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் வங்கி பிடிக்காது என்றார்களே. என் மாமியாருக்கு நான்தான் கொடுத்தேன், ஒரு சதமும் பிடிக்கவில்லை. ஆதனக் கணக்குக்கும் அதையே கொடுத்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற கணக்காளர்:
மாமியாருக்கு அது பொருந்தும். ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாவைத் தாண்டாத, இங்கே வதியும் தனிநபருக்கான படிவம் அது. நிறைவேற்றுநர் அதில் கையெழுத்திட்டால் பிழையான பிரகடனமாகிவிடும். தவிர, பிடிக்காமல் விட்டாலும் வரி போய்விடாது, பிறகு மொத்தமாகக் கட்ட வேண்டும்.

வெள்ளவத்தை மகள்:
பிடித்த வரியில்தான் எனக்குப் பெரிய தலையிடி வந்தது. ஒக்டோபருக்குப் பிறகு ஆறு மாதமும் வட்டியில் 30,000, வாடகையில் 90,000 பிடித்திருந்தார்கள். அந்த 120,000ஐ 432,000இலிருந்து கழித்து 312,000 கட்டத்தான் ஆயத்தமானேன். ஆனால் எல்லாச் சான்றிதழ்களும் அப்பாவின் வரி இலக்கத்தில் வந்திருந்தன. இறந்தவரின் இலக்கத்தில் நிற்கும் பணத்தை ஆதனத்தின் இலக்கத்தில் வரவு வைக்க முடியாது என்று வரிக் கந்தோரில் சொன்னார்கள். நான் மரணச் சான்றிதழைக் கொடுத்திருந்தும் வங்கியில் பெயரை மட்டுமே மாற்றினார்கள், இலக்கத்தை யாரும் தொடவில்லை. மூன்று வாரம் நடந்து வங்கியின் சான்றிதழைத் திருத்தி வாங்கினேன். கம்பனி இன்னும் தரவில்லை.

செப்டெம்பர் 30இல் மீதி வரியைக் கட்டியிருக்க வேண்டும், நவம்பர் 30க்குள் வருமான விபரத்திரட்டு கொடுக்க வேண்டும். முதல் திகதி தவறியதால் தாமதத்துக்கான வட்டியும் சேர்ந்தது.

தெகிவளை நளினி:
என் அம்மா ஒரு வருட வைப்பில் பணம் போட்டிருந்தார், வட்டி முதிர்வில்தான் வரும். பத்தாம் மாதம் இறந்தார், பன்னிரண்டாம் மாதம் வைப்பு முதிர்ந்தது. பத்து மாத வட்டி அம்மா உயிரோடிருந்தபோது சேர்ந்ததுதானே. அதை அவருடைய பங்கில் போடலாமா?

ஓய்வுபெற்ற கணக்காளர்:
தனிநபரின் முதலீட்டு வருமானம் பணம் கைக்கு வரும்போதுதான் கணக்கில் ஏறும். அம்மா இருந்தபோது அந்த வட்டி வரவில்லை. ஆகவே முழுவதும் நிறைவேற்றுநரின் பக்கம் விழும் என்பது என் கருத்து. மாதப்படி பிரித்துப் போட்ட கணக்காளர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கோவை எந்த அதிகாரியிடம் போகிறதோ, அவரிடம் எழுத்தில் கேட்பது நல்லது.

கொட்டாஞ்சேனை ராஜன்:
எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் கூட்டுக் கணக்கு வைத்திருந்தார்கள். அம்மா பாட்டுக்கு வட்டியை எடுத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் ஆதனமா? இனிமேல்தான் பயம் வருகிறது.

ஓய்வுபெற்ற கணக்காளர்:
முதலில் கணக்குத் திறந்த படிவத்தை எடுத்துப் பாருங்கள், தம்பி. உயிரோடிருப்பவருக்கே முழுவதும் சேரும் என்று எழுதியிருந்தால் வட்டி அம்மாவின் வருமானம், அவருக்கு நிவாரணமும் உண்டு.

பம்பலப்பிட்டி சிவா:
அப்படியானால் ஆதனத்துக்கும் வாடகையில் நான்கில் ஒரு பங்கு கழிக்கலாமா? நீங்கள் செலவை மட்டும்தானே கழித்தீர்கள்.

ஓய்வுபெற்ற கணக்காளர்:
அந்தக் கழிவு தனிநபருக்கென்று எழுதப்பட்டிருக்கிறது. நான் கழிக்க மாட்டேன், பற்றுச்சீட்டு உள்ள செலவைத்தான் கழிப்பேன். என் நண்பர் ஒருவர் கழிக்கலாம் என்று வாதிடுகிறார். நாங்கள் இருவரும் இதில் ஒத்துப்போகவில்லை.

வெள்ளவத்தை மகள்:
தம்பிக்கும் தங்கைக்கும் ஒரு ஆறுதல்: ஆதனம் வரி கட்டிய பிறகு அவர்கள் வாங்கிய பங்குக்கு மறுபடி வரி இல்லை. அதைத் தம்பிக்குச் சொன்ன பிறகுதான் அவன் தொலைபேசியை எடுத்தான். அப்பாவின் முதல் ஆறு மாதத்தில் 4,500 ரூபா வரிக்காகப் பிடித்த 120,000இல் 115,500 திரும்பி வர வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை அவர் இலக்கத்தில், நான் பிரதிநிதியாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். கொப்பியின் பிரதியையும் இணைத்தேன். இன்னும் பதில் வரவில்லை.